சேருமிடம்: ஆர்-1

காமு போடுகிற பட்டியலில் ஓட்டை இருக்காது. மேற்குத் தாம்பரத்தில், மனை அளந்து, பிளான் வரைந்து, அப்ரூவல் வாங்கித் தருகிற அந்தக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக நிர்வாகப் பிரிவைக் கட்டி மேய்க்கிறவள் அவள். ஸ்டேப்ளர் பின் ஒரு டப்பா வேண்டுமென்றாலும் எழுதிக் கேட்க வேண்டும், எழுதியதில் கையெழுத்து இருக்க வேண்டும். கையெழுத்து இல்லாத காகிதத்தைக் காமு தொடக்கூட மாட்டாள் என்று ஆபீசில் கிண்டல் செய்வார்கள். அவள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள். அங்கேதான் பிடித்தது வினை.

ஆபீஸை நாவலூருக்கு மாற்றுவதென்று முடிவானதும் பொது மேலாளர் ராகவேந்திரா அவளைக் கூப்பிட்டு, முழுப் பொறுப்பும் உங்களோடது மேடம் என்று சொல்லிவிட்டார். காமு ஒரு வாரம் சோறு தண்ணி மறந்து உட்கார்ந்து ஒரு பட்டியல் தயாரித்தாள். பொருள், அதன் நம்பர், இப்போது இருக்கிற இடம், சேருமிடம், எந்தத் துறை, யார் பொறுப்பு. அதற்கப்புறம் நான்கு கட்டங்கள்: கட்டியாயிற்று, ஏற்றியாயிற்று, இறக்கியாயிற்று, வைத்தாயிற்று. கடைசியில் பொறுப்பாளர் கையெழுத்து. துறைக்கு ஒரு நிறத்தில் லேபிள். அக்கவுண்ட்ஸுக்குப் பச்சை, டிராயிங்குக்கு நீலம், சர்வே பிரிவுக்கு ஆரஞ்சு, ரெக்கார்ட்ஸுக்கு மஞ்சள். பெட்டிக்கு மேலே ஒட்டினால் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும்போது மறைந்துபோகும் என்பதால், பக்கவாட்டில் இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாள்.

கம்ப்யூட்டர்களைப் பிரணவிடம் விட்டிருந்தாள். சிஸ்டம் அட்மின் பையன் என்று எல்லோரும் சொன்னாலும் அவனுக்கு முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள். கழற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு மெஷினுக்கும் பின்பக்கத்தை போட்டோ எடு, ஒயரையெல்லாம் ஒரு கவரில் போட்டு மெஷின் நம்பரையே கவர் மேலும் எழுது, பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்க்கை லாரியில் ஏற்றாதே, உன் காரில் கொண்டு போ என்று அவனுக்குத் தனியாக ஒரு தாள் கொடுத்தாள். அவன் அதற்கும் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். போடாவிட்டால் விடமாட்டாள் என்று தெரியும்.

செவ்வாய்க்கிழமை புது ஆபீசின் இருக்கை வரைபடம் இறுதியாகி வந்தது. காமு பட்டியலில் ‘சேருமிடம்’ என்ற பத்தியை வரிசையாக நிரப்பிக்கொண்டே வந்தாள். நூற்று நாற்பத்தேழாவது வரியில் கை நின்றது. ரெக்கார்ட்ஸ், ஜான்சியின் மேஜை, நாற்காலி, கம்ப்யூட்டர். வரைபடத்தில் அதற்கு இடமே இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோப்புப் பெட்டிகள் இருநூற்றுப் பன்னிரண்டுக்கும் எஸ் என்று ஒரு ஸ்டோர் அறை இருந்தது. அந்தக் கோப்புகளைப் பதினாறு வருடமாகக் கட்டிக் காத்த மனுஷிக்கு ஒரு நாற்காலி இல்லை.

விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துத்தான் ராகவேந்திரா அறைக்குப் போனாள். அவர் கதவைச் சாத்தச் சொன்னார். கோப்புகளையெல்லாம் வெளியார் வந்து ஸ்கேன் செய்யப் போகிறார்கள், அதற்கப்புறம் காகிதமெல்லாம் கிடங்குக்குப் போய்விடும், ரெக்கார்ட்ஸ் என்றே ஒரு பிரிவு இருக்காது என்றார். திங்கட்கிழமை நாவலூரில் வைத்து எச்.ஆர். ஜான்சியிடம் பேசுவார்கள். அதுவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. எந்தப் பெட்டியில் எந்த ஊர் மனை இருக்கிறது என்பது அந்தம்மாள் தலைக்குள்தான் இருக்கிறது, பெட்டி அட்டவணை முடிவதற்குள் அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டால் யார் பார்ப்பது என்று கேட்டார். பொல்லாத மனுஷர் ஒன்றும் இல்லை அவர். சொல்லும்போது காமுவின் முகத்தைப் பார்க்காமல் பேனா மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காமு கதவைச் சாத்திவிட்டுத் தன் இடத்துக்கு வந்தாள். ஜான்சி அவளைவிட எட்டு வயது சின்னவள். கூடுவாஞ்சேரியில் வீடு. புருஷனுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி இரண்டு வருடமாக வேலைக்குப் போகவில்லை, மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அந்த வீட்டில் உலை கொதிப்பது ஜான்சியின் சம்பளத்தில். இதையெல்லாம் காமு விசாரித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பதினாறு வருடம் ஒரே மேஜையில் டிபன் பாக்ஸைத் திறந்தவர்களுக்கு இதெல்லாம் தானாகத் தெரியும்.

ஆனால் மறுநாள் புதன்கிழமை, அந்த மேஜையிலேயே ஜான்சி ஒரு சேதி சொன்னாள். காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் தேர்வுப் பிரிவுக்கு ரெக்கார்ட்ஸ் பார்க்க ஆள் தேடுகிறார்களாம். சர்ச்சில் தெரிந்த அக்கா ஒருத்தி சொல்ல, இவளும் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். பிடித்துப்போய்விட்டது அவர்களுக்கு. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் இரண்டே ஸ்டேஷன்.

“இன்னும் முடிவு பண்ணலக்கா. இங்க விட்டுட்டுப் போக மனசு வரல. பாப்போம்,” என்றாள் ஜான்சி.

காமுவுக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. கடவுளாகப் பார்த்து வழி விட்டிருக்கிறார் என்று நினைத்தாள். ரயிலில் இரண்டு ஸ்டேஷன் எங்கே, வண்டலூர் போய், கேளம்பாக்கம் ரோடு பிடித்து, இரண்டு பஸ் மாறி நாவலூர் எங்கே. யாராவது வேண்டாமென்பார்களா? இவள் போய்விடுவாள், நாம் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. “நல்ல எடம்தான் ஜான்சி. யோசி,” என்று மட்டும் சொன்னாள். அதுவே பெரிய உதவி செய்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. மனசு தனக்கு வசதியானதை எவ்வளவு சீக்கிரம் நம்பிவிடுகிறது பாருங்கள்.

வியாழக்கிழமை மதியம் லேபிள் விநியோகம். ஆளுக்கொரு கவர். உள்ளே அவரவர் மேஜை, நாற்காலி, கம்ப்யூட்டர், சொந்தச் சாமான் பெட்டி எல்லாவற்றுக்கும் லேபிள், அதில் நாவலூரில் அவரவர் உட்காரப் போகிற இடத்தின் எண். பள்ளிக்கூடத்தில் மார்க் ஷீட் வாங்குகிற மாதிரி எல்லோரும் நின்றார்கள். ஜன்னலோரம் கிடைத்தவர்கள் குதித்தார்கள், பாத்ரூம் பக்கம் கிடைத்தவர்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். கவர்கள் தீர்ந்தன. ஜான்சி மட்டும் கையில் ஒன்றுமில்லாமல் நின்றாள்.

“எனக்கு வரலியேக்கா?”

அக்கவுண்ட்ஸ் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிரணவ் ஒயரைச் சுற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். ஜான்சியின் முகத்தில் இன்னும் சிரிப்பு போகவில்லை, ஆனால் போகப்போகிற மாதிரி இருந்தது. இத்தனை பேர் நடுவில் அந்த முகம் சுருங்குவதைக் காமுவால் பார்க்க முடியவில்லை. “பிரிண்டர்ல மாட்டியிருக்கும், இரு,” என்று உள்ளே போனாள். மஞ்சள் தாளைச் செருகினாள். ‘ரெக்கார்ட்ஸ், ஜான்சி, சேருமிடம்: ஆர்-1’ என்று அடித்து நான்கு பிரதி எடுத்தாள்.

ஆர் என்று ஒரு பகுதியே அந்த வரைபடத்தில் கிடையாது. பட்டியலிலும் அவள் அதை ஏற்றவில்லை, அங்கே கட்டம் காலியாகவே இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் காமு போட்ட முதல் பொய் லேபிள் அது. நாளைக்குக் கல்லூரிக்கு வருகிறேனென்று சொல்லிவிடுவாள், அதுவரை நாலு பேர் முன்னால் தலைகுனியாமல் இருக்கட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஜான்சி லேபிளை வாங்கி எண்ணைப் படித்துவிட்டு, “ஒண்ணாம் நம்பரா!” என்று சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை ரெக்கார்ட்ஸ் அறையில் கடைசிப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜான்சி வேலை செய்கிற அழகைச் சொல்ல வேண்டும். பெட்டியை முக்கால்வாசிதான் நிரப்புவாள், தூக்குகிற ஆளுக்கு முதுகு என்று ஒன்று இருக்கிறதல்லவா என்பாள். ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ளே என்ன இருக்கிறதென்று இரண்டு பிரதி எழுதுவாள், ஒன்று பெட்டிக்குள், ஒன்று காமுவின் பட்டியலோடு. முடிச்சூர், படப்பை, மண்ணிவாக்கம் என்று ஊர்வாரியாக மனைகளெல்லாம் அவள் கையில் அடங்கிக்கொண்டிருந்தன. மணி மூன்று அடித்தபோது டேப்பைக் கிழித்துக்கொண்டே சொன்னாள்.

“காலேஜுக்கு வேணாம்னு சொல்லிடப் போறேங்க்கா. நேத்து வரைக்கும் குழப்பமா இருந்துச்சு. ஃபைலெல்லாம் ஸ்கேன் பண்ணப் போறாங்கன்னு டிராயிங்ல பேசிக்கிட்டாங்க, நம்மளத் தூக்கிடுவாங்களோன்னு ஒரு பயம். உங்க லேபிளப் பாத்ததும் போயிடுச்சு. நீங்க கணக்கில்லாம எதையும் ஒட்ட மாட்டீங்க. இதை முடிச்சிட்டுப் போன் பண்ணிடறேன்.”

அந்த நொடியில் காமு செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். அந்தப் போனைப் பிடுங்கி வைத்திருக்க வேண்டும். செய்யவில்லை. “ஒரு நிமிஷம், வந்துடறேன்,” என்று எழுந்து ராகவேந்திரா அறையை நோக்கி நடந்தாள். சொல்லலாமா என்று அனுமதி கேட்கப் போனாள் அந்தப் புண்ணியவதி. பழக்கம் காலில் இருந்தது, கால் அங்கேதான் போயிற்று.

அவர் நாவலூர் கட்டடக்காரர்களோடு போனில் இருந்தார். சனிக்கிழமை சர்வீஸ் லிஃப்ட்டை எத்தனை மணியிலிருந்து தருவார்கள் என்று இழுபறி. கண்ணாடிக் கதவுக்கு வெளியே காமு நின்றாள். கையால் இரு என்று காட்டினார், இருந்தாள். மூன்று இருபது, மூன்று நாற்பது. இரண்டு தடவை திரும்பிப் போய்விடலாமென்று நினைத்தாள், இரண்டு தடவையும், இதோ முடித்துவிடுவார் என்று நின்றாள். நாலு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவர் உள்ளே கூப்பிட்டார். கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். வேறு இடத்தில் வேலை இருந்தால் சொல்லிவிடுங்கள் மேடம், பாவம், ஆனால் பெட்டியெல்லாம் முடித்துவிட்டார்களா பாருங்கள் என்றார். அனுமதி கிடைத்துவிட்டது. காமு ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தாள்.

ஜான்சி போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு இருநூற்றுப் பன்னிரண்டாவது பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். “சொல்லிட்டேங்க்கா,” என்றாள். “வேற ஒரு பொண்ணு அங்கயே வந்து உக்காந்திருக்காம். உடனே அவளுக்கு ஆர்டர் குடுத்துட்டாங்க. நல்லவேளை, யாருக்கோ உதவுச்சு.”

காமு எதிரே உட்கார்ந்தாள். இனிமேல் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று நினைத்தாள். இப்போது சொன்னால் இன்றைக்கே உடைவாள், திங்கட்கிழமை சொன்னால் இரண்டு நாளாவது நிம்மதியாக இருப்பாள் என்று கணக்குப் போட்டாள். அது கணக்கே இல்லை, வெறும் பயம். ஜான்சியின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை லாரிகள் வந்தன. பேக்கர்ஸ் மேஸ்திரி துரைராஜ் வரைபடத்தின் பிரதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆட்களை விரட்டினார். முதலில் கோப்புகள், பிறகு மேஜை நாற்காலி, பிறகு கம்ப்யூட்டர்கள், எல்லாவற்றுக்கும் கடைசியில் சர்வர். இறங்கும்போது சர்வர்தான் முதலில் இறங்க வேண்டும் என்று பிரணவ் லாரிக்குப் பின்னாலேயே காரில் போனான். பூட்டிய டிராயர்களின் சாவியெல்லாம் தனித்தனிக் கவரில் காமுவின் கைப்பையில் இருந்தது. ஆர்-1 என்று மஞ்சள் லேபிள் ஒட்டிய பெட்டி அவள் கண்ணெதிரே லாரியில் ஏறியது. அதில் ஜான்சியின் செருப்பு, சின்ன மேஜை விசிறி, மகளின் போட்டோ, ஒரு பைபிள். ஏற்றியாயிற்று என்ற கட்டத்தில் காமு டிக் போடாத வரி ஜான்சியுடையது ஒன்றுதான். அதில் சேருமிடம் இன்னும் காலியாகவே இருந்தது.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கெல்லாம் காமு நாவலூரில் இருந்தாள். ஜான்சி வருவதற்குள் வாசலிலேயே நிறுத்தி, கீழே டீக்கடைக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தாள். லிஃப்ட் திறந்து வெளியே வந்தால், ஜான்சி ஏற்கெனவே உள்ளே இருக்கிறாள். முதல் நாள் தாமதமாகக் கூடாதென்று ஆறு மணிக்கே கிளம்பியிருக்கிறாள். புதுப் புடவை. தூணில் ஒட்டியிருந்த வரைபடத்துக்கு முன்னால் நின்று விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தடவித் தேடிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் ஆட்கள் தங்கள் தங்கள் மேஜையில் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

காமுவைப் பார்த்ததும் துரைராஜ் நேரே வந்துவிட்டார். குரலைத் தாழ்த்திப் பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை.

“மேடம், இந்த ஆர்-1 எங்க கீது? நேத்துல இருந்து தேடிகினு இருக்கோம், பேஜாராப் போச்சு. பிளான்லயும் இல்ல, உங்க லிஸ்ட்லயும் இல்ல. மேஜை, கம்ப்யூட்டர், ஒரு பொட்டி, அல்லாத்தையும் லிஃப்ட் பக்கத்துல ஓரமா வெச்சிட்டோம். எடம் சொன்னா தூக்கி வெச்சிட்டு நாங்க கெளம்பிடுவோம்.”

தட்டுகிற சத்தமெல்லாம் நின்றது. யார் முன்னால் அந்த முகம் சுருங்கக் கூடாதென்று காமு லேபிள் அடித்தாளோ, அத்தனை பேரும் இப்போது பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜான்சி வரைபடத்திலிருந்து விரலை எடுத்தாள். காமுவைப் பார்த்தாள். காமு அவள் கையைப் பிடித்து மாடிப்படிப் பக்கம் அழைத்துப் போய், செவ்வாய்க்கிழமையிலிருந்து தனக்குத் தெரியும் என்று சொன்னாள். லேபிள் பொய் என்று சொன்னாள். வெள்ளிக்கிழமை சார் அறைக்குப் போனது அவளிடம் சொல்ல அனுமதி கேட்கத்தான் என்றும் சொன்னாள். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக ஒலிக்கிறதென்று அவளுக்குக் கேட்டது.

ஜான்சி படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. தன் கைகளை விரித்துப் பார்த்தாள். டேப் கிழித்துக் கிழித்து விரல் நுனியெல்லாம் உரிந்திருந்தது.

“‘போன் பண்ணாதே’ன்னு ரெண்டு வார்த்தைக்கா,” என்றாள். “காரணம்கூடச் சொல்ல வேணாம். நீங்க சொன்னா நான் கேட்டிருப்பேன். அந்த ரெண்டு வார்த்தைக்கு யாரு கையெழுத்து வேணும்?”

காமு மன்னிச்சிடு என்று சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் எச்.ஆர். பெண் வந்து ஜான்சியைக் கூப்பிட்டாள். கால் மணி நேரத்தில் வேலை முடிந்துபோனவளாக ஜான்சி திரும்பி வந்தாள். ஸ்டோர் அறைக்குப் போய் இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டியையும் ஒருமுறை எண்ணி, அடுக்கில் மண்ணிவாக்கம் மாறி இருப்பதைத் துரைராஜிடம் காட்டிச் சரி செய்யச் சொல்லிவிட்டு, பொறுப்பாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். வைத்தாயிற்று. பட்டியலில் ரெக்கார்ட்ஸ் பிரிவு ஒரு குறையில்லாமல் முடிந்தது. பிறகு லிஃப்ட் பக்கத்திலிருந்த தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

கீழே செக்யூரிட்டி விடவில்லை. புதுக் கட்டடம், புதுச் சட்டம். வெளியே எது போனாலும் கேட் பாஸ் வேண்டும், அதில் கம்பெனி நிர்வாகப் பிரிவின் கையெழுத்து வேண்டும் என்றார். போன் செய்து காமுவைக் கூப்பிட்டார்கள். அவள் கேட் பாஸ் புத்தகத்தோடு இறங்கி வந்தாள். பெயர் எழுதினாள், தேதி எழுதினாள், பெட்டி ஒன்று என்று எழுதினாள். ‘வெளியே செல்லும் காரணம்’ என்ற இடத்தில் பேனா நின்றது. என்ன எழுதினாலும் அது பொய்யாகவோ கொடுமையாகவோ இருந்தது.

ஜான்சி பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு அவள் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். ‘சொந்த உபயோகப் பொருட்கள்’ என்று அவளுடைய குண்டு குண்டான கையெழுத்தில் எழுதினாள். புத்தகத்தைக் காமு பக்கம் திருப்பி, கீழே இருந்த கோட்டை விரலால் காட்டினாள்.

“போடுங்கக்கா. பஸ் போயிடும்.”

காமு போட்டாள்.